ஜவ்வரிசி பாக்கெட்டில் அந்த ரூ.0.07

அஸ்தம்பட்டிக்காரி:
ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வடகம் போட இரண்டு கிலோ ஜவ்வரிசி வாங்கப் போனேன். ஒரே கம்பெனி, ஒரே நைலான் ரகம், அரைக் கிலோ பாக்கெட் 37 ரூபாய், இரண்டு கிலோ பை 142. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். சின்னதில் கிராமுக்கு ரூ.0.07, பெரியதில் கிலோவுக்கு ரூ.71. அப்படியானால் சின்னது கிலோ 70தானே என்று நான்கு பாக்கெட் எடுத்தேன், பில் 148! ஆறு ரூபாய் போனால் போகிறது, ஆனால் நான் படித்துப் பார்த்துத்தானே எடுத்தேன்?

ஐந்து ரோடு வாசி:
பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு, கணக்கே வேண்டாம். இது அச்சுப் பிழை, தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை:
புகார் கொடுக்கும் இடம் சரி, ஆனால் பிழை இல்லை. 2022-இல் வந்த விதிப்படி கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலையும் அதற்கு மேற்பட்டதில் கிலோ விலையும் போட வேண்டும், இரண்டு தசமம்தான். 37-ஐ 500-ஆல் வகுத்தால் 0.074, அந்தக் கடைசி 4 உதிர்ந்துவிடுகிறது. கிராமில் அது ஒன்றுமில்லை, கிலோவுக்கு 4 ரூபாய். அரைக் கிலோவுக்கு 33 போட்டாலும் 37 போட்டாலும் அதே 0.07தான் வரும். மிளகு மாதிரி விலை கூடிய சாமானில் இது தெரியாது, ஜவ்வரிசி, உப்பு, மாவில்தான் இடிக்கும். நான் என் அலமாரியில் எல்லா அளவுக்கும் கிலோ விலையே எழுதி ஒட்டுகிறேன், 74, 71 என்று. கடை வைத்திருப்பவர்கள் இப்படி ஒட்டினால் பாக்கெட் விலையைவிடச் சின்ன எழுத்தில் எழுதாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். விலை மாறின அன்றே சீட்டையும் மாற்றுங்கள், பழைய சீட்டு தொங்குவதற்கு ஒன்றும் இல்லாமலிருப்பதே மேல்.

ஏற்காட்டுக்காரன்:
பெரியது எப்போதும் மலிவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே ஒரு கடையில் காபித்தூள் 200 கிராம் 120, அரைக் கிலோ 325. கிராமுக்கு 0.60, 0.65. கடைக்காரரிடம் சத்தம் போட்டுவிட்டேன். அப்புறம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சின்னதில் சிக்கரி நாற்பது சதவீதம், பெரியதில் முப்பது. பெயரும் படமும் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

குகை அக்கா:
எங்கள் தெருவில் தக்காளி வண்டிக்காரர் தராசில் கிலோவுக்கு நூறு கிராம் குறைகிறது, அதற்கு என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை மளிகை:
அக்கா, அது எடைக் குறைவு, வேறு விஷயம். தராசில் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

அஸ்தம்பட்டிக்காரி:
அண்ணா, உங்கள் கடையில் சரி. பெரிய கடையில் இரண்டு கிலோ பையை 130-க்குத் தள்ளுபடியில் கொடுக்கிறார்கள், பையில் மட்டும் கிலோ 71 என்றே இருக்கிறது. அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது என்றால், தள்ளுபடிக்குப் பிறகான கிலோ விலையை யார் எழுதுவார்கள்?