கழுத்தில் நெறிக்கட்டி: இரண்டு முறை ஊசி, அப்புறம் ஒரு ஆபரேஷன்

திருப்பூர் அக்கா

என் தம்பிக்கு 24 வயது. பிப்ரவரியில் இடது காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. தொட்டால் ரப்பர் பந்து மாதிரி இருக்கும், விரலுக்கு அடியில் லேசாக நகரும். நெறி கட்டியிருக்கிறது என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறையவில்லை. ஊசி டெஸ்ட் எடுத்தோம், எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசிதான், மரப்பு மருந்துகூடப் போடவில்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ரிசல்ட்டில் 'ரியாக்டிவ்' என்று வந்தது. ஏதோ கிருமிக்கு நெறி வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

மார்ச் கடைசியில் சாயங்காலக் காய்ச்சல், இரவில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை, எடை 5 கிலோ குறைந்தது. மறுபடி ஊசி. இந்த முறை 'கிரானுலோமா இருக்கிறது, டிபி கிருமி தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். டிபியில் வருகிற மாதிரி செல்கள் கொத்தாகக் கூடியிருப்பதைத்தான் கிரானுலோமா என்கிறார்கள். நாங்கள் பார்த்த டாக்டர் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டான். கட்டி இன்னும் பெரிதாகிப் பக்கத்தில் இரண்டு புதிதாக வந்தன.

ஜூனில் ஒரு புற்றுநோய் டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, தம்பிக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் கழுத்து முழுக்கத் தடவிப் பார்த்தார். அப்புறம் அக்குள், வயிறு, தொடை இடுக்கு. 'மூணாவது தடவை ஊசி வேண்டாம், ஒரு நெறியை முழுசா எடுத்துடலாம்' என்றார். தாடைக்குக் கீழே தோலுக்கு அடியிலேயே ஒரு சின்ன நெறி இருந்தது. அதை எடுப்பது சுலபம்தானே என்று கேட்டேன். 'அது பல்லுக்கும் தொண்டைக்கும் எப்பவும் வீங்குற இடம்மா. எனக்கு வேண்டியது காறை எலும்புக்கு மேலே இருக்கிற பெருசு' என்றார்.

மயக்க மருந்து கொடுத்து, 4 செ.மீ. வெட்டி எடுத்தார்கள். தியேட்டர் வாசலில் நர்ஸ் என் கையில் இரண்டு டப்பா கொடுத்தார். ஒன்றில் கண்ணைக் கரிக்கிற ஃபார்மலின். இன்னொன்றில் வெறும் சலைன். இரண்டிலும் அதே நெறியின் பாதிப் பாதி. 'சலைன்ல இருக்கிறது டிபி கல்ச்சருக்கு. இதை ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும், கல்ச்சரே பண்ண முடியாது. முதல்ல இதைக் கொண்டு போய்க் கொடுங்க' என்றார். இரண்டு கட்டடம் தாண்டி ஓடினேன்.

9 நாள் கழித்து ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவாக, அதாவது நெறியிலேயே வருகிற ஒரு வகைப் புற்றுநோயாக, இருக்கலாம் என்று வந்தது. அதே சதையில் சிடி15, சிடி30 என்று சாயச் சோதனை செய்து இன்னும் ஒரு வாரத்தில் உறுதி செய்தார்கள். சலைன் பாதியில் டிபி இல்லை. இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது, காய்ச்சல் நின்றுவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. முதலிலேயே ஏன் முழுக்கட்டியை எடுக்கவில்லை?

சேலம் சரவணன்

அக்கா, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கட்டியில் ஊசி குத்தவே கூடாது. குத்தினால் பரவும். எங்கள் பெரியம்மாவுக்கு ஊசி குத்திய மூன்றாவது மாதமே நுரையீரலுக்குப் போய்விட்டது. எந்தக் கட்டியாக இருந்தாலும் நேராக ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் துல்லியமாகவும் தெரியும், கட்டியும் போய்விடும்.

ஓய்வுபெற்ற லேப் டாக்டர்

31 வருடம் பேத்தாலஜியில் இருந்தேன். திருப்பூர் அம்மாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

வாசலில் கோலம் போட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து என்னிடம் கொடுத்தால் அது அரிசி மாவா, சுண்ணாம்பா என்று சொல்வேன். என்ன கோலம் என்று சொல்ல முடியாது. எஃப்.என்.ஏ.சி. என்பது அந்தச் சிட்டிகை. செல்கள் உதிரியாக ஸ்லைடில் வரும். லிம்ஃபோமாவைக் கண்டுபிடித்து, அதில் எந்த வகை என்று பிரிக்க, செல்கள் நெறிக்குள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

ஹாட்ஜ்கினில் இன்னொரு சிக்கல். கெட்ட செல்கள் கட்டிக்குள் மிகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் அதைச் சுற்றிக் கூடிய சாதாரண செல்கள். ஊசி நுனி அந்தக் கூட்டத்தில் நுழைந்தால் 'ரியாக்டிவ்' என்றுதான் தெரியும். முதல் ரிப்போர்ட் எழுதியவர் தன் கண்ணில் பட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறார். கிரானுலோமாவும் அப்படித்தான். நம் ஊரில் கிரானுலோமா என்றால் பெரும்பாலும் டிபி, ஆனால் ஹாட்ஜ்கின் நெறியிலும் அது இருக்கும்.

அதற்காக முதல் ஊசியே தப்பு என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் நெறியோடு வருகிற ஒவ்வொருவரையும் தியேட்டருக்கு அனுப்ப முடியாது. நிறையப் பேருக்கு ஊசியிலேயே டிபி கிருமி தெரிந்து விடும். ரிசல்ட்டும் ஆளும் பொருந்தவில்லை என்றபோது நிற்காமல் போனதுதான் தவறு. ரப்பர் மாதிரி வளர்கிற கட்டி, வியர்வை, 5 கிலோ இழப்பு, கிருமி இல்லை. அந்த இடத்தில் மாத்திரைக்கு முன்னால் முழு நெறி வந்திருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். நடுவில் ஸ்டீராய்டு ஏதும் கொடுத்தார்களா?

திருப்பூர் அக்கா

ஆமாம் சார். ஏப்ரலில் வீக்கம் குறைய என்று ஒரு வாரம் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், பிரெட்னிசோலோன். கட்டி பாதியாகச் சுருங்கியது. டிபி மருந்துதான் வேலை செய்கிறது என்று நம்பினோம். நிறுத்தின பத்து நாளில் பழையபடி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற லேப் டாக்டர்

அதைத்தான் பயந்தேன். லிம்ஃபோமா செல்களை ஸ்டீராய்டே கொன்றுவிடும். அந்த வாரத்தில் கட்டியை எடுத்திருந்தால் எங்களுக்குச் செத்த செல்கள்தான் கிடைத்திருக்கும், பெயர் சொல்ல முடிந்திருக்காது. சதை டெஸ்ட் முடியும் வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்பதை வீட்டில் இருப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயைக் கட்டி அழுத்துகிற மாதிரி அவசரம் என்றால் அது வேறு கதை.

கும்பகோணம் மகன்

சேலம் அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருடமாகப் புகையிலை. அவருக்கும் கழுத்தில்தான் கட்டி, ஆனால் கல் மாதிரி கெட்டி, நகராது. வெட்டி எடுத்துவிடுங்கள் என்று நாங்கள்தான் கெஞ்சினோம். சர்ஜன் மறுத்துவிட்டார். முதலில் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அடி வரைக்கும் விரலால் தடவினார். அப்புறம் மூக்கு வழியாகக் கேமரா குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். நாக்கின் வேரில் ஒரு புண் இருந்தது. அங்கிருந்து ஒரு துணுக்கு எடுத்தார். கழுத்துக்கு வெறும் ஊசி. இரண்டிலும் ஒரே புற்றுநோய்.

ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். 'இது தொண்டையில இருந்து இறங்கி வந்த கட்டி. நான் இதைத் தனியா நோண்டி எடுத்தா, நாளைக்குக் கழுத்து நெறிகளை மொத்தமா எடுக்கிற ஆபரேஷன் கெட்டுப்போகும். தழும்புக்குள்ள சதை எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த வகை செல் ஊசியிலேயே அடையாளம் தெரியும், எனக்கு அது போதும்' என்றார்.

ஓய்வுபெற்ற லேப் டாக்டர்

அருமையான சர்ஜன். இரண்டு பேருக்கும் கழுத்தில்தான் கட்டி. 24 வயதுப் பையனுக்கு முழுசாக எடுக்க வேண்டும், 61 வயதுப் புகையிலைக்காரருக்கு வெட்டவே கூடாது. டாக்டர் முதலில் எதைச் சந்தேகிக்கிறார் என்பதுதான் எந்த வழி என்பதைத் தீர்மானிக்கிறது.

சேலம் தம்பி, உங்கள் பெரியம்மா விஷயம் வருத்தமானது. ஆனால் மூன்று மாதத்தில் நுரையீரலில் தெரிந்தது ஊசியால் வந்திருக்காது. ஊசி போட்ட அன்றே அது அங்கே இருந்திருக்கும். உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. விதைப்பையில் வரும் கட்டியில் ஊசி குத்த மாட்டார்கள், அடிவயிற்று ஓரம் வழியாக விதையையே எடுத்துவிடுவார்கள். எலும்பு, தசைக் கட்டிகளில் ஊசி போகிற பாதையைப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதையையும் சேர்த்து அவர் எடுக்க வேண்டியிருக்கும்.

நாகர்கோவில் செல்வி

டாக்டர் சார், என் அம்மாவுக்கு மார்பில் கட்டி. லிம்ஃபோமா இல்லை. ஊரில் நேராக ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், கேன்சர் என்று வந்தது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஓரம் சுத்தமில்லை, திரும்ப ஆபரேஷன் என்கிறார்கள். முழுசாக எடுத்தது நல்லது என்றுதானே இங்கே சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற லேப் டாக்டர்

நான் சொன்னது நெறிக்கட்டிக்கு அம்மா. மார்பில் முதலில் ட்ரூ-கட் ஊசிதான். மரப்பு ஊசி போட்டு, கிளிக் என்று சத்தத்தோடு நூல் மாதிரி சதை எடுப்பார்களே, அது. அந்த நூல்களிலேயே நோயின் பெயரும், ஹார்மோன் சோதனையும், ஹெர்2 என்ற புரதமும் பார்த்துவிடலாம். நோய் தெரிந்த பிறகு வெட்டினால், எவ்வளவு ஓரம் விட்டு எடுக்க வேண்டும், அக்குளைத் தொட வேண்டுமா என்று சர்ஜனுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு அது தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பழைய பிளாக்குகளை அந்த லேபில் கேட்டு வாங்கிப் புது ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள், அந்தச் சோதனைகளை அதிலேயே செய்யலாம்.

ஈரோடு ஸ்கேன் ரூம்

நான் அல்ட்ராசவுண்ட் வழியாகப் பயாப்ஸி எடுக்கிற ரேடியாலஜிஸ்ட். சார் சொன்ன ட்ரூ-கட்டை நெறிக்கட்டிக்கும் நாங்கள் எடுக்கிறோம். 14 அல்லது 16 கேஜ் ஊசியில் நாலைந்து நூல் எடுத்துக் கொடுத்தால் எங்கள் பேத்தாலஜி டாக்டர் பெரும்பாலும் லிம்ஃபோமா பெயர் சொல்லிவிடுகிறார். வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாயை ஒட்டி நெறி இருந்தால் வேறு எப்படி எடுப்பது? வெளியே இருக்கிற கட்டிக்கும் முதலில் ட்ரூ-கட், தெளிவில்லை என்றால் மட்டும் ஆபரேஷன் என்பதே என் வழி.

ஓய்வுபெற்ற லேப் டாக்டர்

உள்ளே இருக்கிற கட்டிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. கைக்கு எட்டுகிற கட்டி என்றால் நான் இன்னும் முழு நெறியைத்தான் கேட்பேன். நாலு நூலை வெவ்வேறு சாயச் சோதனைக்கு வெட்டி வெட்டியே தீர்த்துவிட்டு, கடைசியில் 'இன்னும் சதை தேவை' என்று எழுதிய ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

தஞ்சை வாசகி

முழு நெறியை எடுப்பது சும்மா இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வலது கழுத்தின் பின்பக்கம் எடுத்தார்கள். தோளைத் தூக்கும் நரம்பு அங்கே தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிறதாம். அது அடிபட்டுவிட்டது. தோள் தொங்கிவிட்டது. எட்டு மாதம் வலது கையால் தலை பின்ன முடியவில்லை, என் பெண்தான் பின்னி விடுவாள். ரிசல்ட் டிபி. கையெழுத்து வாங்கும்போது அந்த நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் ட்ரூ-கட் எடுத்திருந்தால் எனக்கு அதிலேயே தெரிந்திருக்குமே என்று ஈரோடு டாக்டர் எழுதியதைப் படித்ததும் தோன்றியது.

ஈரோடு ஸ்கேன் ரூம்

தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு அம்மா. ஒரு நூலைச் சலைனில் போட்டு, டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் சோதனைக்கு அனுப்பியிருப்போம்.

திருப்பூர் அக்கா

தஞ்சை அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் தம்பியை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தேன். தூக்குகிறான். அவனுக்கு எடுத்தது கழுத்தின் கீழே, முன்பக்கம். அடுத்த கீமோ வியாழக்கிழமை.