சம்பளச் சீட்டைக் கூட்டினால் 35,330, கீழே இருப்பது 35,329: எது சரி?

கல்முனைக் கணக்கு
கல்முனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். எல்லாம் எக்செலில்தான். இந்த மாதச் சீட்டைக் கொடுத்ததும் ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர் அதைப் போனில் கூட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு ரூபா குறைகிறது என்றார். நானும் கல்குலேட்டரில் அடித்துப் பார்த்தேன். அவர் சொல்வது உண்மை. சீட்டில் இருப்பது இதுதான்:

அடிப்படைச் சம்பளம் 36,400
நோ பே, 1 நாள்: 1,213 கழிவு
ஓ.ரி., 13 மணித்தியாலம்: 2,958
ஈ.பி.எப். 8%: 2,815 கழிவு
தேறிய சம்பளம் 35,329

கையால் கூட்டிக் கழித்தால் 35,330 வருகிறது. எங்கள் கடையில் நோ பேக்கு அடிப்படையை 30ஆல் வகுக்கிறோம். ஓ.ரி.க்கு 240ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு. ஈ.பி.எப். பார்ப்பது நோ பே கழித்த அடிப்படைக்கு. சூத்திரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பிழை எதுவும் தெரியவில்லை. ஒரு ரூபாதானே, விடுங்கள் என்கிறார் முதலாளி. எனக்கு விட மனம் வரவில்லை. தன் சீட்டைக் கூட்டிப் பார்க்கிற ஒருவருக்குக் கூட்டுத்தொகை சரியாக வந்தாக வேண்டும். எங்கே போகிறது அந்த ஒரு ரூபா?

சம்மாந்துறை நானா
தங்கச்சி, ஓ.ரி.க்கும் சேர்த்து ஈ.பி.எப். வெட்டியிருப்பீங்க, அதுதான் குழப்பம். ஓ.ரி.க்கு ஈ.பி.எப். இல்லை. அதை எடுத்துவிட்டுப் பாருங்க.

கல்முனைக் கணக்கு
இல்லை நானா, ஓ.ரி.யைச் சேர்க்கவில்லை. 36,400இல் 1,213ஐக் கழித்தால் 35,187. அதற்கு 8% பார்த்தால் 2,815தான் வருகிறது. ஈ.பி.எப். சரியாகத்தான் இருக்கிறது.

வந்தாறுமூலை மாணவன்
அக்கா, இது மட்டந்தட்டும் முறையில் உள்ள பிரச்சினை. சரியாக .50 வரும்போது சில மென்பொருள்கள் எப்போதும் மேலே தட்டும். சில, பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குத் தட்டும். உங்கள் ஓ.ரி. 2,957.50. ஒரு இடத்தில் 2,958 என்றும் இன்னோரிடத்தில் 2,957 என்றும் எடுத்திருக்கும். அந்த ஒரு ரூபாதான் இது.

ஆரையம்பதிக் கணக்காளர்
தம்பி சொல்கிற விஷயம் உண்மையில் இருக்கிறது, ஆனால் இந்தச் சீட்டில் அது வேலை செய்யவில்லை. 2,957.50க்குப் பக்கத்தில் உள்ள இரட்டை எண் 2,958. மேலே தட்டினாலும் 2,958, இரட்டைக்குத் தட்டினாலும் 2,958. இரண்டு முறையிலும் ஒரே விடைதான்.

தங்கச்சி, அந்தக் கலங்களில் தசம இடம் பூச்சியம் என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வைத்தால் எக்செல் காட்டுவது மட்டும்தான் முழு ரூபா. கலத்துக்குள் சதமும் அதற்குப் பின்னால் உள்ள இலக்கங்களும் அப்படியே இருக்கும், கூட்டும்போது அவற்றைத்தான் எடுக்கும். இரண்டு தசமத்தைக் காட்டச் செய்து பாருங்கள். நோ பே 1,213.33, ஓ.ரி. 2,957.50, ஈ.பி.எப். 2,814.93 என்று இருக்க வேண்டும். தேறியது 35,329.23.

இப்போது அந்த ரூபா எங்கே என்று பார்ப்போம். நோ பேயை 1,213 ஆக்கியபோது 33 சதம் கழிவில் குறைந்தது, அது தொழிலாளி பக்கம். ஓ.ரி.யை 2,958 ஆக்கியபோது 50 சதம் கூடியது, அதுவும் அவர் பக்கம். ஈ.பி.எப்.பை 2,815 ஆக்கியபோது 7 சதம் அவருக்கு எதிராகப் போனது. 33உம் 50உம் 83, அதில் 7 போக 76. சதத்துக்குக் கீழே உள்ளதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 77 சதம். 35,329.23 உடன் 77 சதத்தைக் கூட்டுங்கள், 35,330. உங்கள் ஊழியர் கண்டது அதுதான். எக்செல் எதையும் தட்டாமல் கூட்டி, கடைசி விடையை மட்டும் தட்டிக் காட்டியது. 23 சதம் கீழே போய் 35,329 ஆனது.

ஆகவே கணக்கு இரண்டுமே பிழையில்லை. வரிவரியாகத் தட்டிவிட்டுக் கூட்டியது ஒன்று, கூட்டிவிட்டுத் தட்டியது மற்றது. ஒரே சீட்டில் வரிகளை ஒரு முறையிலும் மொத்தத்தை மற்ற முறையிலும் காட்டியதுதான் பிழை.

கல்முனைக் கணக்கு
சேர், இரண்டு தசமம் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன எண்கள் அப்படியே வருகின்றன. தசம இடம் பூச்சியத்தில்தான் இருந்தது. இப்போது எந்த முறைக்கு மாற்றுவது?

அக்கரைப்பற்று மில்
இதற்கு எக்செலிலேயே வழி இருக்கிறது. ஓப்ஷன்ஸில் அட்வான்ஸ்டுக்குப் போய் "Set precision as displayed" என்பதை டிக் பண்ணுங்கள். காட்டுவதையே வைத்துக் கூட்டும், சீட்டு பொருந்திவிடும். எங்கள் அரிசி ஆலையில் அப்படித்தான். ஆனால் எங்களுக்கு வேறொரு பிரச்சினை. சில பேருக்கு ஓ.ரி. மட்டும் கையால் பார்ப்பதைவிட 5, 6 ரூபா வித்தியாசப்படுகிறது. அது ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

ஆரையம்பதிக் கணக்காளர்
உங்கள் இரண்டாவது பிரச்சினையை உண்டாக்குவதே அந்த டிக்தான். ஒரு மணித்தியாலத்துக்கான வீதத்தைத் தனிக் கலத்தில் வைத்து, அதையும் முழு ரூபாவாகக் காட்டச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தங்கச்சியின் கணக்கிலேயே சொல்கிறேன். 36,400ஐ 240ஆல் வகுத்தால் 151.67 சொச்சம். டிக் போட்டால் கலத்தில் உள்ள எண்ணே 152 ஆகிவிடும். ஒன்றரை மடங்கு 228, அதை 13ஆல் பெருக்கினால் 2,964. சரியான தொகை 2,957.50. வித்தியாசம் 6 ரூபா 50 சதம். விடையைத் தட்டினால் வித்தியாசம் 50 சதத்தைத் தாண்டாது. வீதத்தைத் தட்டினால் அந்தச் சின்ன வித்தியாசம் மணித்தியாலத்தால் பெருகும். 40 மணித்தியாலம் ஓ.ரி. செய்தவருக்கு 20 ரூபா. வீதம் கீழே தட்டுப்படுகிற சம்பளம் என்றால் அந்தப் பணம் தொழிலாளிக்கு நட்டம். வகுத்துப் பெருக்கி முடித்த பிறகுதான் தட்ட வேண்டும்.

அந்த டிக் கோப்பு முழுவதுக்கும் பாயும் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் சதத்தோடு தட்டெழுதி வைத்த எண்களையும் வெட்டிவிடும். பிறகு டிக்கை எடுத்தாலும் அந்தச் சதம் திரும்பி வராது.

தங்கச்சி, உங்களுக்கு என் முறை இது. ஒவ்வொரு வரியையும் சதத்துக்குத் தட்டுங்கள், ரூபாவுக்கு வேண்டாம். சீட்டிலும் சதத்தோடு காட்டுங்கள். தேறியதற்குத் தனியாக எதையும் தட்ட வேண்டாம், தட்டிய வரிகளைக் கூட்டினால் போதும். B அடிப்படை, C நோ பே நாள், D நோ பே, E ஓ.ரி. மணித்தியாலம், F ஓ.ரி., G ஈ.பி.எப்., H தேறியது என்று வைத்துக்கொண்டால், D, F, G, H நான்குக்கும் வரிசையாக:

```
=ROUND(B2/30*C2,2)
=ROUND(B2/240*1.5*E2,2)
=ROUND((B2-D2)*8%,2)
=B2-D2+F2-G2
```

இதில் தேறியது 35,329.24 என்று வரும். தட்டாமல் பார்த்தால் 35,329.23. ஒரு சதம் இங்கேயும் விலகுகிறது, ஆனால் சீட்டில் தெரிகிற வரிகளைக் கூட்டினாலும் 35,329.24தான். அவர் போனில் எத்தனை தரம் கூட்டினாலும் பொருந்தும்.

கல்முனைக் கணக்கு
வங்கியில் போடுகிறவர்களுக்கு இது சரி. எங்களிடம் பாதிப்பேர் கையில் காசாக வாங்குகிறவர்கள். 24 சதத்தை எப்படிக் கொடுப்பது?

ஆரையம்பதிக் கணக்காளர்
காசாகக் கொடுப்பவர்களுக்கு மட்டும் தேறியதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். கொடுத்தது 35,329.00, அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது 0.24. அடுத்த மாதச் சீட்டில் முதல் வரியாக அந்த 24 சதம் வரவாக வரும். மட்டந்தட்டல் அப்போது காசு கொடுக்கும் இடத்தில் மட்டும் நடக்கும், ஈ.பி.எப்.பையும் ஓ.ரி.யையும் தொடாது. யாருடைய பணமும் மறையாது.

ஈ.பி.எப்.பில் ஒரு விஷயம். சீ படிவத்தில் ஒவ்வொரு அங்கத்தவருக்கும் நேரே எழுதும் தொகைகளைக் கூட்டித்தான் காசோலைத் தொகை எடுக்க வேண்டும். எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டி அதற்கு 20% பார்த்துக் காசோலை எழுதினால், சில மாதங்களில் படிவத்தின் மொத்தத்தோடு சில சதம் பொருந்தாமல் நிற்கும். காரணம் உங்கள் சீட்டில் பார்த்த அதே காரணம்தான். இந்த ஊழியருக்கு 8% 2,814.93, கடையின் 12% 4,222.40, இரண்டும் 7,037.33. இப்படி ஆளுக்கு ஆள் தட்டிவிட்டுக் கீழே கூட்டுங்கள்.

வந்தாறுமூலை மாணவன்
சேர், அப்போது .50 விஷயம் எங்கேயும் வராதா?

ஆரையம்பதிக் கணக்காளர்
வரும் தம்பி. இதே ஊழியர் 11 மணித்தியாலம் செய்திருந்தால் ஓ.ரி. 2,502.50. ரூபாவுக்குத் தட்டும்போது கலத்தில் எழுதும் ROUND 2,503 தரும். மேக்ரோவுக்குள் எழுதும் VBA Round 2,502 தரும், அது இரட்டைக்குத் தட்டுவது. ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் நீங்கள் சொன்ன ஒரு ரூபா அங்கே வரும். சதத்துக்குத் தட்டினால் அரைச் சதம் சரியாக விழும் இடம் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. மேக்ரோவில் `WorksheetFunction.Round` என்று எழுதினால் கலத்தில் வருகிற விடையே வரும்.

கல்முனைக் கணக்கு
எங்கள் சீட்டில் மேக்ரோ இல்லை. போனஸ் தாளில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கிறேன். சீட்டுகளை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சதத்தைக் கொண்டுபோவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் அடுத்த ரூபாவாகக் கூட்டிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்.

சம்மாந்துறை நானா
அது நல்ல மனசு. ஆளுக்கு ஒரு ரூபாகூட இல்லை. கொடுத்துவிடுங்க.

ஆரையம்பதிக் கணக்காளர்
கொடுக்கலாம். தேறியதை மட்டும் ROUNDUP பண்ணுங்கள், வரிகளைத் தொட வேண்டாம். கூடிய 76 சதத்தைச் சீட்டில் தனி வரியாகக் காட்டி, கடையின் செலவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் சம்பளப் பட்டியலும் காசுப் புத்தகமும் மாதாமாதம் பொருந்தாது. ஆனால் வங்கியில் வாங்குகிறவர் சதத்தோடு வாங்க, காசாக வாங்குகிறவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் அடுத்த கேள்வி அங்கேயிருந்து வரும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே முறையா என்று முதலாளியிடம் முதலில் கேளுங்கள்.

அக்கரைப்பற்று மில்
டிக்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வீதத்துக்குச் சூத்திரம் இருந்தவர்களுக்குச் சரியாகிவிட்டது. சிலருக்கு யாரோ வீதத்தைக் கையால் தட்டெழுதியிருக்கிறார்கள், அது இன்னும் முழு ரூபாவாகவே நிற்கிறது. பழைய மாதங்களில் குறைத்துக் கொடுத்ததை எப்படிக் கணக்கெடுப்பது?

ஆரையம்பதிக் கணக்காளர்
டிக் போடுவதற்கு முன்னால் சேமித்த கோப்பு ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அடிப்படைச் சம்பளத்தையும் வரவுப் பதிவேட்டில் உள்ள மணித்தியாலங்களையும் வைத்து மாதம் மாதமாகத் திரும்பப் போட வேண்டியதுதான். குறைந்தவர்களுடையதை முதலில் எடுங்கள்.