நான் புகைப்பதில்லை, ஆனால் மீட்டரில் 9

வெண்பா:
மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது. இப்போது மறுபடி கர்ப்பமாக இருப்பதால் எழுதத் தோன்றியது.

முதல் கர்ப்பத்தில் 31ஆவது வாரத்தில் மருத்துவமனையை மாற்றினேன். புது இடத்தில் முதல் நாளே செவிலி, மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு வாயு இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டரைக் கொடுத்து, மூச்சைப் பதினைந்து நொடி அடக்கிவிட்டு மெதுவாக ஊதச் சொன்னார். 9 வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானும் பிடிப்பதில்லை, என் வீட்டிலும் யாரும் பிடிப்பதில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவர் தானே ஊதிக் காட்டினார். 1 வந்தது.

அப்புறம்தான் சமையலைப் பற்றிக் கேட்டார். கரி அடுப்பு, மூடிய சமையலறை, காலையும் மாலையும் சேர்த்து மூன்று மணி நேரம். விறகு கண்ணை எரிக்கிறது என்று நாங்களாகவே கரிக்கு மாறியிருந்தோம்! அடுத்த நாள் அடுப்பு பற்றவைக்கும் முன் வரச் சொல்லி ஊத வைத்தார். 3.

அடுத்த வாரம் வளர்ச்சி ஸ்கேன். குழந்தையின் தலை அளவு சரியாக இருந்தது, வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியிருந்தது. 20ஆவது வார ஸ்கேனில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. 38ஆவது வாரத்தில் பிறந்தபோது எடை 2.36 கிலோ. அடுப்புதான் காரணமா என்று கேட்டேன். "இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பரணி:
கரி அடுப்பில் புகையே வராதே. எங்கள் வீட்டிலும் அதுதான். சுவரில் கரி படியாது, இருமலும் வராது. விறகைவிட ஆயிரம் மடங்கு மேல் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவுப்பணி:
பரணி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. கண்ணுக்குத் தெரியும் தூசும் புகையும் கரியில் குறைவுதான். ஆனால் கார்பன் மோனாக்சைடு நன்றாகவே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண் எரியாததால் நாமும் ஜன்னலைத் திறப்பதில்லை. வெண்பாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பதினாறு வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன், இந்த மீட்டரைத் தினமும் கையில் எடுக்கிறவள். இந்த வாயு ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்றில் இருந்தால் அம்மாவின் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அதைவிட அதிக நேரம். அதனால் காலைச் சமையலில் ஏறியது குழந்தையிடம் முழுசாக இறங்குவதற்குள் மாலைச் சமையல் வந்துவிடும். அம்மாவின் மீட்டரில் 3 என்றாலும் குழந்தை அந்த 3இல் இல்லை.

ஊதும் நேரமும் முக்கியம். காலையில் வெறும் வயிற்றோடு நேராக வருகிறவருக்கு எண் குறைவாகவே வரும். சமைத்து முடித்த உடனே வருகிறவருக்குத்தான் உண்மை தெரியும். இங்கிலாந்தில் 4 வந்தாலே கர்ப்பிணியை விசாரித்து, புகையை விட உதவும் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மூச்சில் ஹைட்ரஜன் அதிகம் இருக்கும், சில மீட்டர்கள் அதையும் சேர்த்து எண்ணிவிடும். பழுதான கேஸ் ஹீட்டர் வீட்டில் இருந்தாலும் இதே எண் வரும். அதனால் 9 பார்த்த உடனே "எத்தனை சிகரெட்" என்று கேட்டது தப்பு. நானும் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டிருக்கிறேன், அது வேறு கதை.

தாமரை:
என் கதை இதற்கு நேர் எதிர். நான் புகையிலை மெல்லுகிறவள். பதினேழு வயதில் பல்வலிக்காகத் தொடங்கியது. மீட்டரில் 1 வந்ததும் செவிலி "ரொம்ப நல்லது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. மகள் 2.2 கிலோ. அந்த 1ஐ நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

இரவுப்பணி:
தாமரை, மீட்டருக்கு எரிந்த பொருள்தான் தெரியும். மென்றால் எதுவும் எரிவதில்லை, ஆனால் நிக்கோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்விடும். மெல்லும் புகையிலையும் பிறப்பு எடையைக் குறைக்கிறது என்று மும்பையில் நடந்த ஆய்வே காட்டியிருக்கிறது. நாங்கள் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது எங்கள் தவறு, உங்களுடையது இல்லை.

எழில்:
என் மகனுக்கு இப்போது நான்கு வயது, வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். வீட்டில் ஊதுவத்தி ஏற்றுவதால் இருக்குமோ? எந்த மீட்டர் வாங்கலாம்?

மாறன்:
எழில், இங்கே பேச்சு கர்ப்ப காலத்தைப் பற்றி. மகனின் உயரத்தை டாக்டரிடம் வளர்ச்சி அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் உயரமும் அதில் வரும்.

என் விஷயம் சிகரெட். மனைவி கர்ப்பமானதும் வீட்டுக்குள் பிடிப்பதை விட்டேன், பால்கனிக்கு மாறினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் அறை வாசனை சொல்லிவிடும் என்பாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் 2.8 கிலோ. ஆக, எதுவும் ஆகவில்லையே?

இரவுப்பணி:
2.8 நல்ல எடைதான். ஆனால் பால்கனியிலும் பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதே. அம்மாவே புகைத்தால் சராசரியாக 150 முதல் 250 கிராம் குறைகிறது. பக்கத்தில் இருப்பவரின் புகையால் குறைவது அதைவிடக் கொஞ்சம், சில பத்து கிராம். ஒரு குழந்தையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால், எடை குறைவு என்று சொல்லும் 2.5 கிலோ கோட்டுக்குக் கீழே சரியும் சிலர் தெரிவார்கள். அம்மா முதல் மூன்று மாதத்துக்குள் விட்டுவிட்டால் எடை புகைக்காதவர்களுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. இதைக் கேட்டுத்தான் என்னிடம் பலர் விட்டிருக்கிறார்கள்.

மாறன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்பு விஷயத்தில் ஒரு சந்தேகம். 2022இல் பெரிய ஆய்வு ஒன்று வந்ததே, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில். 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 70 மைக்ரோகிராமிலிருந்து 24க்கு இறங்கியது. குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசமே வரவில்லை. அப்படியானால் கேஸுக்கு மாறி என்ன பயன்?

இரவுப்பணி:
நல்ல கேள்வி. எனக்கும் முழு விடை கிடையாது. அவர்களைச் சேர்த்தது 9ஆவது வாரத்துக்கும் 20ஆவது வாரத்துக்கும் நடுவில். நஞ்சுக்கொடி உருவாகிற காலம் பலருக்கு அதற்குள் முடிந்திருக்கும். 24 என்பதும் சுத்தமான காற்று இல்லை, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வது 15. வெளியிலிருந்து வரும் தூசியை அடுப்பை மாற்றித் தடுக்க முடியாது. இல்லை, அடுப்புப் புகைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பே நாம் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கலாம், வறுமையும் சாப்பாடும்தான் பெரிய பங்கு வகிக்கலாம். எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மீட்டரில் 9 வருகிற அறையில் நான் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

பரணி:
நேற்றுக் கரி அடுப்பை வாசலுக்கு எடுத்து வந்துவிட்டேன். மாமியார், "உள்ளே இருந்தால் என்ன, புகையா வருகிறது?" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

இரவுப்பணி:
ஒரு நாள் இரவு மூடிய அறையில் கரியை வைத்துத் தூங்கியவர்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். வாசனையே இல்லாமல் ஆள் போய்விடும். அது அதே வாயு, அளவுதான் வேறு.

வெண்பா:
எல்லோருக்கும் நன்றி. இந்தத் தடவை கர்ப்பத்துக்கு முன்னாலிருந்தே மின் அடுப்புதான். நேற்று 14ஆவது வாரச் செக்கப். மீட்டரில் 2. என் கணவரையும் ஊத வைத்தார்கள், அவருக்கும் 2. மகள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு தானும் ஊத வேண்டும் என்று அடம்பிடித்தாள். 32ஆவது வார ஸ்கேன் முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.