கலைச்சொல்: சேர்த்து வைத்து அனுப்பும் அறிவிப்புக்குப் பெயர் வேண்டும்

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:
வணக்கம். இங்குள்ள செம்பனை ஆலை ஒன்றின் கட்டுப்பாட்டறைக்குப் பயிற்சிக் கையேடு தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கைப்பேசிக்கு வரும் அறிவிப்புகள் அங்கே இரண்டு வகை. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அந்த நொடியே மணி அடிக்கும். பேரிங்குக்குக் கிரீஸ் போடும் நாள், டீசல் இருப்பு, கழிவுநீர்க் குட்டையின் மட்டம் போன்றவை சேர்த்து வைக்கப்பட்டு, ஷிப்ட் மாறும் காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் ஒரே பட்டியலாக வரும். இதை டைஜஸ்ட் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:
பொழிப்பு. நீண்டதைச் சுருக்கிச் சொல்வதற்கு உரையாசிரியர்கள் வைத்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

கருவிப் பொறியாளர், தைப்பிங்:
ஐயா, இங்கே எதுவும் சுருங்குவதில்லை. பத்து அறிவிப்பு இருந்தால் பத்தும் வரும், வரும் நேரம்தான் தள்ளிப்போகிறது. பொழிப்பு என்றால் சிலதை விட்டுவிட்டார்கள் என்று ஆபரேட்டர் நினைப்பார்.

பிரிப்பதன் காரணத்தையும் கையேட்டில் சேருங்கள். 1994இல் வேல்ஸ் நாட்டு மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்ததற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. முக்கியமானது எது என்று பார்க்கவே நேரமில்லை. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால் கை தானாகவே மணியை நிறுத்தப் பழகிவிடும்.

ஆசிரியர், ஈப்போ:
விளங்கியது. அப்படியானால் திரட்டு. திரள் தன்வினை, திரட்டு பிறவினை. உருள், உருட்டு போல. தானாகக் குவிந்தது வேறு, ஒருவர் முறையாகச் சேர்த்தது வேறு. புறத்திரட்டில் பாடல்கள் சுருங்கவில்லை, முழுதாகவே இருக்கின்றன.

தோட்டத்துக் கிராணி, பீடோர்:
இவ்வளவு தூரம் போகவேண்டாம். பெரட்டு என்று போடுங்கள். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, அன்றைய சேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வது பெரட்டு. தீப்பிடித்தால் பெரட்டுவரை யாரும் காத்திருக்கமாட்டார்கள், உடனே மணி அடிப்பார்கள். ஆலையில் எல்லாருக்கும் தெரிந்த சொல். பெயர்த்திரட்டுதான் தேய்ந்து பெரட்டு ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆசிரியர், ஈப்போ:
தம்பி, அது பரேட் என்ற ஆங்கிலச் சொல். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வந்தது. கையேட்டில் அதை ஏற்கமுடியாது.

கிராணி, பீடோர்:
மூன்று தலைமுறை வாயில் புழங்கியபின் அது நம் சொல் இல்லையா, ஐயா?

பெற்றோர் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்:
எங்கள் பள்ளி வாட்சாப் குழுவிலும் இதே தலைவலி. இரவு முழுக்கச் சேதி. இதற்கு ஒரு சொல் வந்தால் எங்களுக்கும் உதவும். எது அவசரம் என்பதை அனுப்புகிறவரே முடிவு செய்துகொள்ளலாம்தானே?

பொறியாளர், தைப்பிங்:
பாதி சரி, அக்கா. அனுப்புகிறவரிடம் விட்டால் நாளடைவில் எல்லாமே அவசரமாகிவிடும். ஆலையில் நான் கேட்பது ஒரே கேள்வி: இது எவ்வளவு நேரம் பொறுக்கும்?

குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி, மழை. கரை விளிம்புக்கு இன்னும் 45 செ.மீ. இருக்கிறது, மணிக்கு 5 செ.மீ. ஏறுகிறது. 9 மணி நேரத்தில், அதாவது அதிகாலை 5 மணிக்கு வழிந்துவிடும். அடுத்த பட்டியலோ காலை 7 மணிக்கு. அதைப் படிக்கும்போது கழிவுநீர் ஆற்றில் கலந்திருக்கும். பம்பு போட்டு அடுத்த குட்டைக்கு மாற்ற 2 மணி நேரம் பிடிக்கும் என்றால், அதிகாலை 3 மணிக்குமேல் சொல்லிப் பயனில்லை. அதனால் வகையை மட்டும் பார்த்து எதையும் பட்டியலில் போட்டுப் பூட்டக்கூடாது. பொறுக்கும் நேரத்திலிருந்து வேலைக்கு வேண்டிய நேரத்தைக் கழியுங்கள். மிச்சம் அடுத்த பட்டியலுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்றால், அது அப்போதே வெளியே வந்து மணி அடிக்கவேண்டும். மட்டத்தைப் பட்டியல் நேரத்தில் மட்டும் பார்க்காமல், காத்திருக்கும்போதும் அளந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

இன்னொன்று. சொல்ல எதுவும் இல்லாத நாளிலும் 7 மணிக்கு வெறும் பட்டியல் வரவேண்டும். வராவிட்டால், ஒன்றுமில்லையா, அனுப்பும் பெட்டியே நின்றுவிட்டதா என்று தெரியாது.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:
அப்படியானால் மூன்று சொல் வேண்டும். உடனே வருவதற்கு உடனறிவிப்பு என்று வைக்கிறேன், யாரும் மறுக்கமாட்டீர்கள். சேர்த்து வருவதற்குத் திரட்டு என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். திரட்டிலிருந்து பாதியில் வெளியேறி மணி அடிப்பதற்கு?

ஆசிரியர், ஈப்போ:
விடுப்பறிவிப்பு?

பொறியாளர், தைப்பிங்:
லீவு விண்ணப்பம் என்று நினைப்பார்கள், ஐயா. 'திரட்டில் இருந்தது, இப்போது அவசரம்' என்று முழு வாக்கியமாகவே திரையில் போடுங்கள்.

கிராணி, பீடோர்:
அச்சில் திரட்டு இருக்கட்டும். எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பெரட்டு என்றுதான் சொல்வேன்.