பொருள்: தலைவிகிதம் பாதியில் அடங்குவதற்கு என்ன சொல்?

இளங்கோ: நிகழ்தகவுக் கலைச்சொல் பட்டியலில் இந்த ஒரு சொல் நிலுவை. நாணயத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டினால் தலை விழும் விகிதம் ½-ஐ ஒட்டி அடங்குகிறதே, அதற்குச் ‘சமப்படல்’ என்று முன்மொழிகிறேன். தொடக்கத்தில் தலை மிகுந்தால், பிற்பாடு பூ மிகுந்து கணக்கு நேராகிவிடும்.

நளாயினி: விகிதம் பாதிக்கு வருவது சரி, நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. முதல் 100 முறையில் 60 தலை விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிகை 10. அடுத்த 9,900 முறையில் சரிபாதியாக 4,950. மொத்தம் 10,000-க்கு 5,010 தலை, விகிதம் 0.501. அந்தப் பத்து அப்படியே கிடக்கிறது, எந்தப் பூவும் வந்து அதை அடைக்கவில்லை. வகுக்கும் எண் பெருத்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் சொன்னால், எண்ணிக்கையில் விலகல் வளரத்தான் செய்யும். n முறைக்கு அதன் திட்டவிலக்கம் √n/2. அதாவது 100-க்கு 5, 10,000-க்கு 50. இரண்டாம் உலகப்போரின்போது டென்மார்க்கில் காவலில் இருந்த ஜான் கெரிச் 10,000 முறை சுண்டியதில் 5,067 தலை. பாதியைவிட 67 கூடுதல், ஆனால் விகிதம் 0.5067. ‘சமப்படல்’ என்று எழுதினால், ஐந்து தலை விழுந்ததும் அடுத்து பூதான் என்று மாணவர் காத்திருப்பார்.

முருகன்: இடையில் ஒரு கேள்வி. பைத்தானில் 1,000 முறை ஓட்டினேன், 530 தலை. `random` பழுதா?

நளாயினி: இல்லை. 1,000-க்குத் திட்டவிலக்கம் சுமார் 15.8. உங்கள் 30 அதில் இரண்டு மடங்குகூட இல்லை. நூறு பேர் ஓட்டினால் ஏறக்குறைய ஆறு பேருக்கு இவ்வளவோ இதற்கு மேலோ விலகும். பிடித்த எண் வரும்வரை விதையை மாற்றாமல், ஒரே ஓட்டமாக 1,00,000 ஓட்டுங்கள். அப்போதும் 0.53-லேயே நின்றால் நிரலைச் சந்தேகிக்கலாம்.

சிவகுமாரி: இந்த விகிதத்தை எங்கள் இலங்கைப் பாடநூல்களில் ‘சார் மீடிறன்’ என்போம். ‘சார் மீடிறனின் எல்லை’ என்றே விட்டால் என்ன? புதுச்சொல் எதற்கு?

நளாயினி: ‘எல்லை’ அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்கிறது. 1/n என்பது n நூறைத் தாண்டியதும் 0.01-க்குக் கீழே இறங்கும், பிறகு ஏறாது. தலைவிகிதத்துக்கு அந்த உறுதி கிடையாது. 10,000 முறைக்குப் பின் அது 0.49-க்கும் 0.51-க்கும் இடையில் இருக்க வாய்ப்பு சுமார் 95%. n-ஐக் கூட்டினால் வாய்ப்பு 1-ஐ நெருங்கும், ஆனால் ‘இத்தனை முறைக்குப் பின் கட்டாயம்’ என்று முன்கூட்டிச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. 1713-இல் அச்சான பெர்னூலியின் தேற்றம் சொல்வதும் இவ்வளவுதான். அதற்கு ‘நிகழ்தகவில் ஒருங்கல்’ பொருந்தும்.

சிவகுமாரி: அப்படியானால் 1909-இல் போரெல் நிறுவியது? அங்கே ஒவ்வொரு முடிவிலி வரிசையும் ½-க்குப் போகிறதே.

நளாயினி: ‘ஒவ்வொரு’ இல்லை. தலையாகவே விழுந்துகொண்டிருக்கும் வரிசையும் சாத்தியந்தான். அப்படி விலகிப்போகும் வரிசைகள் அனைத்துக்கும் சேர்த்து நிகழ்தகவு 0, அதுதான் தேற்றம். இதற்கு ‘ஏறத்தாழ உறுதியான ஒருங்கல்’ என்கிறேன்.

இளங்கோ: ‘சமப்படலை’த் திரும்பப் பெறுகிறேன், ‘நிகழ்தகவில் ஒருங்கல்’ ஏற்பு. ஆனால் நிகழ்தகவு சரியாக 1 என்னும்போது ‘ஏறத்தாழ’ எங்கிருந்து வந்தது? 0.999-ஐச் சொல்வதுபோல் கேட்கிறது. வேறு சொல் வரும்வரை அந்தப் பதிவைக் காலியாகவே விடுகிறேன்.