ஜூலை இறால் கணக்கு: 80, 106.7, நடுவில் ஒரு 91

மண்டபத்திலிருந்து:
இறால் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஜூலைக்கு எங்கள் மையத்தின் இலக்கு 12,000 கிலோ. காற்று பலமாக இருந்து படகுகள் சரியாகப் போகாததால் 18ஆம் தேதி அதை 9,000 ஆகக் குறைத்தார்கள். மாத முடிவில் வந்த சரக்கு 9,600 கிலோ. ரிப்போர்ட்டில் 91 சதவீதம் என்று வந்தது. பார்க்க நல்ல எண்ணாக இருந்ததால் அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எடை போடும் அண்ணன்தான் பிடித்தார். கிலோ நெடுவரிசையைப் பார்த்துவிட்டு, "தம்பி, 19 டன் இறாலா? நம்ம ஐஸ் பெட்டியில அவ்வளவு இடமே இல்லையேடா" என்றார். இலக்கு டேபிளில் ஜூலைக்குப் பழையது ஒன்று, திருத்தியது ஒன்று என இரண்டு வரி இருந்தன. மையத்தையும் மாதத்தையும் வைத்துச் சேர்த்ததில் 9,600 இரண்டு வரியிலும் ஒட்டிக்கொண்டது. அதனால் சரக்கு 19,200, இலக்கு 21,000. வகுத்தால் 91. மேலும் கீழும் சேர்ந்தே வீங்கியதால் சதவீதத்தில் ஒன்றும் தெரியவில்லை. 400 சதவீதம் என்று வந்திருந்தால் நானே உஷாராகியிருப்பேன்.

தொண்டியிலிருந்து:
எக்செல்லிலேயே செய்தால் இந்தத் தொல்லை இல்லையே அண்ணே. VLOOKUP ஒரு வரியைத்தான் எடுக்கும், இரட்டிக்காது.

கீழக்கரையிலிருந்து:
இரட்டிக்காது என்பது சரி தம்பி. ஆனால் துல்லியப் பொருத்தம் போட்டால் அது மேலிருந்து முதலில் கண்ட வரியை எடுத்துக்கொள்ளும். திருத்தத்தைக் கீழே சேர்த்திருந்தால் பழைய 12,000 தான் வரும், 80 சதவீதம் என்று காட்டும். SUMIFS போட்டாலோ இரண்டு இலக்கையும் கூட்டி 21,000 ஆக்கிவிடும். அப்போது 46 கூட வராது.

மண்டபத்துத் தம்பிக்கு: பழைய வரியை அழிக்காதீர்கள். சேர்ப்பதற்கு முன்னால், ஒரு மையத்துக்கு ஒரு மாதத்துக்கு ஒரே வரி நிற்கும்படி இலக்கைச் சுருக்குங்கள்.

```sql
SELECT centre, mon, kg
FROM (
  SELECT t.*, ROW_NUMBER() OVER (
    PARTITION BY centre, mon
    ORDER BY rev_no DESC) AS rn
  FROM target t
  WHERE entered_on <= :report_date
) x
WHERE rn = 1;
```

எடைச்சீட்டுகளையும் அதே மாதிரி மாதத்துக்குக் கூட்டிவிட்டு, அப்புறம் இதோடு LEFT JOIN செய்யுங்கள். இலக்குப் பக்கம் இடதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு சீட்டுகூட வராத மையம் ரிப்போர்ட்டிலிருந்தே காணாமல் போய், மொத்தச் சதவீதம் சும்மா ஏறிவிடும்.

இன்னொன்று. entered_on என்று நான் வைத்ததற்குக் காரணம், எங்களிடம் நடந்த கூத்து. 18 தேதியிட்ட திருத்தக் கடிதத்தை ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் பதிந்தார்கள். கடிதத் தேதியை வைத்து வடிகட்டியிருந்ததால், ஆகஸ்ட் 1ஆம் தேதி அச்சடித்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்தபோது எண் மாறி வந்தது. எது உண்மை என்று ஒரு மணி நேரம் சண்டை. கடிதத் தேதி, பதிந்த தேதி இரண்டையும் தனித்தனியாக வைத்தால் அன்று நமக்குத் தெரிந்திருந்ததை அப்படியே எடுக்க முடியும்.

ராமேஸ்வரத்திலிருந்து:
எங்களுக்கு மே மாதம்தான் பிரச்சினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கட்டிக்கிடக்கும், இலக்கு 0. வகுத்தால் பிழை வருகிறது என்று யாரோ 0க்குப் பதிலாக 1 போட்டுவைத்தார்கள். ஏப்ரலில் விட்டுப்போன 40 கிலோ சீட்டு ஒன்றை மேயில் ஏற்றியதும் 4,000 சதவீதம்! அதற்கு மேலாளர் வாழ்த்து வேறு சொன்னார்.

கீழக்கரையிலிருந்து:
ஐயோ. NULLIF(kg, 0) கொண்டு வகுத்தால் அந்தக் கட்டம் காலியாக நிற்கும், அதுதான் நேர்மை. வருட மொத்தத்துக்கு மாதச் சதவீதங்களைச் சராசரி எடுக்காமல் சரக்கு மொத்தத்தை இலக்கு மொத்தத்தால் வகுங்கள். மேயின் 0 தானாக அடங்கிவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து:
அதெல்லாம் சரி அக்கா, ஊக்கத்தொகை எந்த இலக்குக்கு? காற்றடித்தால் குறைக்கிறார்கள், நன்றாக வந்தால் மாத நடுவில் ஏற்றியும் விடுகிறார்களே.

மண்டபத்திலிருந்து:
எங்களிடமும் அதே பேச்சுதான். இப்போது முதல் இலக்குக்கு 80, திருத்தியதற்கு 106.7 என்று இரண்டு நெடுவரிசை போடுகிறேன். பக்கத்தில் கிலோ மொத்தம், அதை எடைச்சீட்டுப் புத்தகத்தின் கூட்டலோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். பணம் எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. எடை போடும் அண்ணன் மட்டும் தினமும் கேட்கிறார்.