மாமி டிவி போட்டால் நெட் ஏன் இறங்குகிறது

*குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை*

சுகந்தி (டோர்ட்முண்ட்): இன்டர்நெட் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்களுக்கு 50 மெகாபிட் லைன், பகலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 47 காட்டுகிறது, இரவு ஏழு மணிக்குப் பிறகு 20 தான். மூத்தவளுக்கு அந்த நேரம்தான் ஒன்லைன் வகுப்பு, டீச்சர் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. கொம்பனிக்கு அடித்தால் லைன் சுத்தமாக இருக்கிறது, 51 வருகிறது என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

கமலா பெரியம்மா (சாவகச்சேரி): இங்கேயும் அதே கதைதான் பிள்ளை. பின்னேரம் நான் டிவி போட்டால் பேரனின் போனில் வீடியோ சுத்திக்கொண்டே நிற்கும். டிஷ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

குகன் சித்தப்பா (ஸ்டுட்கார்ட்): அண்ணி, உங்கள் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். டிஷ்ஷுக்கு வானத்திலிருந்து வருகிறது, அது நெட்டைத் தொடவே தொடாது. உங்களுடையது சிம் போட்ட 4ஜி ரவுட்டர், பின்னேரம் ஊரில் எல்லாரும் ஒரே டவரில் தொங்குவார்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அப்போதும் சுத்தும்.

சுகந்தி, உன் கதை வேறு. டிவியும் அதே கொம்பனியா? பெட்டி ரவுட்டரில் செருகியிருக்கிறதா?

சுகந்தி: ஓம் சித்தப்பா, எல்லாம் ஒரே கொம்பனி. ஹோலில் ஒரு பெட்டி, மாமியின் அறையில் ஒரு பெட்டி. இரண்டும் வயரில்தான்.

நிரோ (சூரிச்): அக்கா, டிவிதான் காரணம் என்று நினைக்காதே. இந்தப் பெட்டிகளுக்கு VLAN என்று தனி வழி போட்டுக் கொடுப்பார்கள், இன்டர்நெட் இன்னொரு வழியில் வரும். எங்கள் வீட்டில் மூன்று பெட்டி ஓடுகிறது, ஸ்பீட் டெஸ்ட் அசையவே இல்லை. உன்னுடையது வைஃபை பிரச்சினையாகத்தான் இருக்கும்.

குகன் சித்தப்பா: நிரோ சொல்வது அவன் வீட்டுக்குச் சரி. அவனுக்கு ஃபைபர், ஃபைபரில் நிறைய இடம் கிடக்கும். பல கொம்பனிகள் வாங்கிய வேகத்துக்கான கட்டுப்பாட்டை இன்டர்நெட் பக்கத்துக்கு மட்டும் போட்டுவிட்டு டிவியை அதற்கு வெளியே விடுவார்கள், அதனால் டெஸ்டில் ஒன்றும் தெரியாது. சுகந்திக்குப் பழைய டெலிபோன் செப்புக் கம்பி, VDSL. அந்தக் கம்பியில் இப்போது வருவதே 51 தான். VLAN போட்டால் டிவி வேறு, நெட் வேறு என்று பிரித்து அடையாளம் வைக்கலாம், கம்பி பெரிதாகிவிடாது. ஒரே றோட்டில் பஸ்ஸுக்குத் தனிக்கோடு போட்டால் மிச்ச வாகனங்களுக்கு றோட்டு ஒடுங்கத்தானே செய்யும்.

கொம்பனி சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் பார்ப்பது கம்பியின் வேகத்தை மட்டும். அந்த 51இல் எவ்வளவு டிவிக்குப் போகிறது என்று நீயும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சுகந்தி: டிவி அவ்வளவு எடுக்குமா? ஒரு சீரியல்தானே பார்க்கிறா.

குகன் சித்தப்பா: ஒரு HD சனல் ஏறத்தாழ 8, 9 எடுக்கும். மாமி பார்ப்பது ஒன்று. ஹோல் பெட்டியில் என்ன ஓடுகிறது? அதே நேரம் ஏதாவது ரெக்கோர்டிங் போட்டிருக்கிறாயா?

சுகந்தி: ஹோலில் இவர் நியூஸ் பார்ப்பார். மாமியின் பெட்டியில் இன்னொரு நிகழ்ச்சி தினமும் தானாக ரெக்கோர்ட் ஆகும், அவ காலையில் எழுந்து பார்ப்பா.

குகன் சித்தப்பா: அப்போ மூன்று சனல். மூன்று ஒன்பது 27. கம்பியில் 51 என்றாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டும் முகவரிச் செலவெல்லாம் போக நெட்டுக்கு மிஞ்சுவது 47 தான், அதுதான் உன் பகல் கணக்கு. 47இல் 27 போனால் 20. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

உன்னிடம் FRITZ!Box ரவுட்டர் தானே? பிரவுசரில் `fritz.box` அடித்து உள்ளே போய் `Internet` கீழே `Online-Monitor` பார். கீழ்நோக்கி வரும் படத்தில் டிவி வேறு நிறத்தில் தெரியும். பார்த்துக்கொண்டே இரண்டு பெட்டியையும் சனல் மாற்றச் சொல்.

அருண் (எஸ்ஸன்): சித்தப்பா, எங்கள் வீட்டிலும் டிவி போட்டால் நெட் விழுகிறது, ஆனால் எங்களுக்கு 100 லைன், ஒரே ஒரு பெட்டி. 9 எடுத்தாலும் 90 மிஞ்ச வேண்டுமே? வைஃபையில் 5 கூட வருவதில்லை.

குகன் சித்தப்பா: கொஞ்சம் பொறு அருண், உன்னுடையது வேறு வருத்தம் போலத் தெரிகிறது. முதலில் அவளுடையதை முடிப்போம்.

சுகந்தி: பார்த்தேன். நீலத்துக்கு மேல் இன்னொரு நிறம் தடிப்பாக நிற்கிறது, மாமி டிவியை நிறுத்தின பிறகும் குறையவில்லை!

குகன் சித்தப்பா: எந்த ரிமோட்டால் நிறுத்தினா?

சுகந்தி: டிவி ரிமோட்டால். பெட்டியின் ரிமோட் அவவுக்குப் பிடிக்காது, பொத்தான் நிறைய.

குகன் சித்தப்பா: அங்கேதான் விஷயம். திரைதான் கறுப்பாகியிருக்கிறது, பெட்டி சனலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் பார்க்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. பெட்டியையே ஸ்டான்ட்பைக்குப் போடச் சொல். சில பெட்டிகள் ஸ்டான்ட்பையிலும் சனலை விடாது, அதனால் போட்ட பிறகு அந்த நிறம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள். இறங்காவிட்டால் பிளக்கில்தான் நிறுத்த வேண்டும்.

சுகந்தி: இறங்கிவிட்டது. இப்போது டெஸ்டில் 29.

நிரோ: அப்போ ரெக்கோர்டிங்?

குகன் சித்தப்பா: அது ஸ்டான்ட்பையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு இன்னும் ஒரு 9 போகிறது. இந்த ரெக்கோர்டிங் பெட்டியின் டிஸ்கில் விழுகிறதா, கொம்பனியின் சேர்வரில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சேர்வரில் என்றால் பதியும்போது உன் கம்பிக்கு ஒரு பாரமும் இல்லை, பார்க்கும்போது மட்டும் வரும். அந்த வசதி உன் கணக்கில் இருந்தால் மாமியின் நிகழ்ச்சியை அங்கே மாற்று.

இன்னொன்று. மாமியும் மகனும் ஒரே சனல் பார்த்தால் கம்பியில் ஒரு பிரதிதான் வரும், ரவுட்டர் அதை இரண்டு பெட்டிக்கும் பிரித்துக் கொடுக்கும். வேறு வேறு சனல் என்றால்தான் இரட்டிப்பு. பெட்டியில் யூடியூப் பார்த்தால் இந்தச் சலுகை கிடையாது, அது சாதாரண நெட்டாகத்தான் வரும்.

சுகந்தி: இவரை சீரியல் பார்க்க வைக்க என்னால் முடியாது சித்தப்பா 🙏 ஆனால் ஒன்று கேட்கிறேன், 20 இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதாதா?

குகன் சித்தப்பா: தாராளமாகப் போதும், வகுப்புக்கு 3, 4 தான் வேண்டும். அதனால்தான் கேட்க நினைத்தேன், அந்த நேரம் சின்னவன் என்ன செய்கிறான்?

சுகந்தி: பிளேஸ்டேஷன். அதில் அடிக்கடி ஏதாவது டவுன்லோட் ஆகும். ஆனால் அது பகலிலும்தான் ஓடுகிறது, அப்போது ஒருவருக்கும் பிரச்சினை இல்லையே.

குகன் சித்தப்பா: அது வைஃபையில்தானே? எவ்வளவு வேகத்தில் இறக்குகிறது?

சுகந்தி: சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. டெஸ்ட் போட்டுப் பார்த்தான், 30க்கு மேல் போகாதாம்.

குகன் சித்தப்பா: சரி, இப்போது விளங்குகிறது. டிவி இல்லாத நேரம் 47இல் அது 30 எடுக்கும், மற்றவர்களுக்கு 17 மிஞ்சும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். இரவு மிஞ்சுவதே 20, பிளேஸ்டேஷன் 30 கேட்கிறது, முழுவதையும் அதுவே நிரப்பிவிடும். டிவிக்கு முன்னுரிமை கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு துண்டு தவறினால் படம் உடனே கட்டம் கட்டமாக உடையும், திருப்பிக் கேட்டு வாங்க நேரமில்லை. ஆகவே நெருக்கடி வந்தால் வெட்டு விழுவது நெட்டில்தான், வகுப்பும் டவுன்லோடும் அந்த 20க்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும்.

நிரோ: FRITZ!Boxஇல் `Priorisierung` இருக்கிறதே, பிளேஸ்டேஷனைக் கடைசியில் போட்டுவிட்டால் முடிந்தது.

குகன் சித்தப்பா: முழுக்க முடியாது. அது மேலே அனுப்புவதைத்தான் நன்றாகக் கட்டுப்படுத்தும். கீழே வருவது தெருமுனைப் பெட்டியிலேயே வரிசையில் நின்றுதான் வீட்டுக்கு வருகிறது, வந்த பிறகு ரவுட்டர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டவுன்லோடை நடுச்சாமத்துக்கு மாற்றுவது அதைவிட உறுதி.

சுகந்தி, இனி இதை நீயே கண்டுபிடிக்க ஒரு வழி: டெஸ்டில் அப்லோடையும் பார். டிவி மேல்நோக்கி ஏறத்தாழ ஒன்றுமே அனுப்பாது, இந்த சனல் வேண்டும் என்று கேட்கும் சின்னச் செய்தி மட்டும்தான். டிவியால் என்றால் டவுன்லோட் மட்டும் விழும், அப்லோட் 9, 10 என்று அப்படியே நிற்கும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் வைஃபையையோ வேறு எதையோ தேடு.

சுகந்தி: இப்போது 9.4 நிற்கிறது. அப்போ டிவிதான்.

அருண்: எனக்கு இரண்டும் விழுகிறது 😟

குகன் சித்தப்பா: அப்படித்தான் நினைத்தேன். உன் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

அருண்: பத்து யூரோ சுவிட்ச் ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்கு, ஒரு வயர் மேல்மாடி வைஃபை கருவிக்கு.

குகன் சித்தப்பா: டிவி ஓடும்போது அந்த சுவிட்சின் லைட்டுகளைப் பார். பெட்டியின் துளையும் மேல்மாடித் துளையும் ஒரே தாளத்தில் விடாமல் மினுங்கினால், சுவிட்ச் டிவி சனலை எல்லாத் துளைகளுக்கும் ஊற்றுகிறது. யார் கேட்டது என்று பார்த்துக் கொடுக்க IGMP snooping வேண்டும், மலிவானவை பலவற்றில் அது இருக்காது. வயரில் 9 ஒன்றுமே இல்லை. ஆனால் மேல்மாடிக் கருவி அதை வைஃபையில் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும்போது மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும், காற்று முழுவதையும் அந்த ஒரு சனலே பிடித்துக்கொள்ளும். 100 லைனில் 5 வருவது அதனால்தான் இருக்க வேண்டும்.

அருண்: மினுங்குகிறது, இரண்டும் சேர்ந்துதான். மேல்மாடி வயரைக் கழற்றி மடிக்கணினியை நேரே ரவுட்டரில் போட்டேன், 92 வருகிறது, டிவியும் ஓடுகிறது.

குகன் சித்தப்பா: அப்போ லைனில் பிழையில்லை. பெட்டியை நேரே ரவுட்டரில் செருகு, சுவிட்ச் மேல்மாடிக்கு மட்டும் இருக்கட்டும்.

அருண்: ரவுட்டர் நிலக்கீழ் அறையில், டிவி ஹோலில், நடுவில் ஒரே ஒரு வயர்தான் சித்தப்பா.

குகன் சித்தப்பா: அப்போ snooping உள்ள சுவிட்ச் வாங்கு. சுவிட்ச் வரும் அட்டையில் IGMPv3 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. சிலவற்றில் v2 மட்டும்தான், அதோடு படம் சில நிமிடத்தில் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

சுகந்தி: எங்களுக்கு 100க்கு மாற்றினால் நல்லதா?

குகன் சித்தப்பா: மூன்று சனல் போனாலும் 65க்கு மேல் மிஞ்சும், பிளேஸ்டேஷனும் வகுப்பும் சேர்ந்து ஓடும். ஆனால் உன் வீட்டிலிருந்து தெருமுனைப் பெட்டிக்குக் கம்பி எவ்வளவு நீளம் என்பதில்தான் இருக்கிறது. `DSL-Informationen` போய் `DSL` பக்கத்தில் `Leitungskapazität` என்ற வரியை எடுத்து அனுப்பு. இப்போதைய அமைப்பில் கம்பி எவ்வளவு தாங்கும் என்று ஓரளவு தெரியும். காசைக் கூட்டமுதல் அதைப் பார்ப்போம்.

சுகந்தி: மாமி இப்போது கணினிக்கு முன்னால் விட மாட்டா, வீடியோ கோல் கதைக்கிறா. நாளைக்கு அனுப்புகிறேன்.

கமலா பெரியம்மா: தம்பி, அப்போ என் டிஷ் பெட்டி இருக்கட்டும், பேரனை எத்தனை மணிக்கு வீடியோ பார்க்கச் சொல்லட்டும்?

குகன் சித்தப்பா: விடிய ஐந்து மணிக்கு, அண்ணி. அல்லது ரவுட்டரைக் கிழக்குப் பக்க ஜன்னலில் வைத்து ஒருக்கால் பாருங்கள், டவர் அந்தப் பக்கம் என்றால் கொஞ்சம் கூடலாம்.